குழந்தையின் டேப்லெட்டில் ஸ்கிரீன்ஷாட் எடுக்க முடியவில்லை: பெற்றோர் கேட்கும் கேள்விகள்

பையன் டேப்லெட்டில் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் "Taking screenshots isn't allowed by the app or your organization" என்று வருகிறது. ஃபேமிலி லிங்க் போட்டுவைத்திருக்கிறேன். அதில் எங்கே போய் இதைத் திறந்துவிடுவது?

ஃபேமிலி லிங்க்கில் ஸ்கிரீன்ஷாட்டுக்கென்று ஒரு சுவிட்ச் கிடையாது. திறக்கவும் இல்லை, மூடவும் இல்லை. எந்த ஆப்பை எவ்வளவு நேரம் பார்க்கலாம், எப்போது டேப்லெட் பூட்டிக்கொள்ள வேண்டும், எந்த ஆப்புக்கு உங்கள் அனுமதி வேண்டும், குழந்தை எங்கே இருக்கிறது என்பதையெல்லாம் அது பார்த்துக்கொள்ளும். திரையைப் படமெடுப்பது அதன் வேலைக்குள் வரவில்லை. அதனால் அங்கே ஒவ்வொரு மெனுவாகத் தேடி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். முக்கியமாக, இதற்காக ஃபேமிலி லிங்க்கையே எடுத்துவிடாதீர்கள். எடுத்தாலும் இந்தத் தடை அப்படியே இருக்கும். நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்த நேரக்கட்டுப்பாடுதான் போகும்.

அந்தச் செய்தியையே மறுபடி பாருங்கள். அது இரண்டு பேரைத்தான் சொல்கிறது. ஒன்று, அந்த நேரத்தில் திறந்திருக்கும் ஆப். இன்னொன்று, டேப்லெட்டை நிர்வகிக்கும் நிறுவனம். பெற்றோர் என்ற பேச்சே அதில் இல்லை. ஆண்ட்ராய்டு 14 மாதிரிப் புதிய பதிப்புகளில், நிர்வாகிதான் தடுக்கிறார் என்றால் "Taking screenshots is blocked by your IT admin" என்று தனியாகவே சொல்லிவிடும். பழைய டேப்லெட்டில் இரண்டுக்கும் ஒரே வரிதான் வரும். அதனால் யார் என்று நாம்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

சரி, யார் தடுக்கிறார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

டேப்லெட்டை வாங்கி ஹோம் ஸ்கிரீனுக்கு வாருங்கள். எந்த ஆப்பும் திறந்திருக்கக் கூடாது. பவர் பட்டனையும் ஒலி குறைக்கும் பட்டனையும் ஒன்றாக அழுத்துங்கள். ஸ்கிரீன்ஷாட் விழுந்தால் டேப்லெட் மொத்தமாகத் தடுக்கப்படவில்லை என்று அர்த்தம். அடுத்து கால்குலேட்டரில் ஒன்று, குரோமில் ஏதாவது ஒரு பக்கத்தில் ஒன்று எடுங்கள். அவையும் விழுந்து, குழந்தை சொன்ன ஆப்பில் மட்டும் விழவில்லை என்றால் தடுப்பது அந்த ஆப்தான்.

ஆண்ட்ராய்டில் ஆப் எழுதுகிறவர் தன் திரைக்கு `FLAG_SECURE` என்ற அடையாளத்தைப் போட்டுவிட்டால் போதும். அந்தத் திரையைப் படமெடுக்க சிஸ்டமே மறுத்துவிடும். வங்கி ஆப்கள், பணம் அனுப்பும் ஆப்கள், தேர்வு நடத்தும் ஆப்கள், வீடியோ பாடம் விற்கும் ஆப்கள் பலவும் இதைப் போட்டிருக்கின்றன. ஒரே ஆப்பில் ஒரு பக்கம் விழும், இன்னொரு பக்கம் விழாது, அதுவும் சகஜம். வாட்ஸ்அப்பில் சாதாரண அரட்டையைப் படமெடுக்கலாம். ஒரு முறை மட்டும் பார்க்கும்படி அனுப்பிய படத்தை எடுக்க முடியாது, அடுத்தவரின் புரொஃபைல் படத்தையும் எடுக்க முடியாது. இதை மாற்ற டேப்லெட்டிலோ உங்கள் போனிலோ எந்த செட்டிங்கும் கிடையாது.

ஹோம் ஸ்கிரீனிலேயே விழவில்லை என்றால் கதை வேறு. அப்போது டேப்லெட் முழுவதற்கும் ஒரு கொள்கை போடப்பட்டிருக்கிறது, அல்லது திரைக்கு மேல் ஏதோ ஓர் ஆப் தன் கண்ணாடியை விரித்துவைத்திருக்கிறது. இந்த இரண்டையும் கீழே தனித்தனியாகச் சொல்கிறேன்.

மகள் எட்டாம் வகுப்பு. டியூஷன் ஆப்பில் வரும் கணக்கை ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்பச் சொன்னால் முடியவில்லை என்கிறாள். நம்புவதா?

நம்பலாம், ஆனால் ஒரு தடவை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிடுங்கள். எங்கள் குடும்பத்திலேயே இது நடந்தது. என் அக்கா மகள் "எடுக்க வரமாட்டேங்குது" என்று சொல்ல, அக்கா அதைச் சாக்கு என்றே நினைத்துக்கொண்டாள். அப்புறம் தன் போனில் இருந்த ஃபேமிலி லிங்க்தான் காரணமோ என்று அந்த டியூஷன் ஆப்புக்கு வைத்திருந்த நேர வரம்பை எடுத்தாள். விழவில்லை. ஆப்பை "எப்போதும் அனுமதி" பட்டியலில் சேர்த்தாள். அப்போதும் விழவில்லை.

நான் போனபோது மேலே சொன்ன வரிசையில் பார்த்தோம். ஹோம் ஸ்கிரீனில் விழுந்தது. கேலரியில் விழுந்தது. டியூஷன் ஆப்பைத் திறந்து, லாகின் ஆன பிறகு வரும் பாடப் பட்டியலில் எடுத்தோம், விழுந்தது. வீடியோவைத் திறந்தோம், மறுப்புச் செய்தி வந்தது. வீட்டுப்பாடக் கேள்வியைத் திறந்தோம், அங்கேயும் அதே செய்தி. பட்டியலுக்குத் தடை இல்லை, விலைக்கு விற்கும் பாடத்துக்கு மட்டும் தடை. படம் பிடித்து வெளியே பரப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் ஆப் வைத்திருப்பவர்கள் போட்ட பூட்டு அது. எட்டாம் வகுப்புக் கணக்கு ஒன்றும் ரகசியம் இல்லைதான். ஆனால் வீடியோவுக்குப் போட்ட அதே பூட்டைக் கேள்வித்தாளுக்கும் போட்டுவிட்டார்கள்.

பூட்டை நாங்கள் திறக்கவில்லை. அந்த டியூஷன்காரர்களுக்கு எழுதிக் கேட்டோம். கேள்விகளை பிடிஎஃப்பாக இறக்கிக்கொள்ளும் வசதி வேறொரு மெனுவில் இருப்பதாகச் சொன்னார்கள். அதை இறக்கி அம்மாவுக்கு அனுப்ப அவளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. உங்கள் ஆப்பிலும் அப்படி ஒன்று இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் கணக்கை நோட்டில் எழுதி அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பட்டும். அக்கா எடுத்துவிட்ட நேர வரம்பை அன்றே திரும்பப் போட்டுவிட்டோம். நீங்களும் சோதனைக்காக எதையாவது தளர்த்தினால் அதை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் எது திறந்து கிடக்கிறது என்பதே மறந்துபோகும்.

எங்கள் டேப்லெட்டில் ஹோம் ஸ்கிரீனிலேயே விழவில்லை. கோச்சிங் சென்டர் கட்டணத்தோடு சேர்த்துக் கொடுத்த டேப்லெட் இது. நான் எங்கே பார்ப்பது?

திரையின் மேலிருந்து விரலால் இரண்டு தடவை கீழே இழுங்கள். வைஃபை, புளூடூத் பட்டன்கள் எல்லாம் முழுதாக விரியும். அதன் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். அந்த ஒரு வரியே பாதி விடையைச் சொல்லிவிடும்.

"This device is managed by your parent" என்று இருந்தால் அது ஃபேமிலி லிங்க் போன்ற பெற்றோர் கட்டுப்பாடு. "This device belongs to your organization" என்றோ, அந்த நிறுவனத்தின் பெயரைப் போட்டு "This device belongs to" என்றோ இருந்தால் டேப்லெட்டின் சாவி உங்களிடம் இல்லை, கொடுத்தவரிடம் இருக்கிறது. "This device is provided by" என்று தொடங்கினால் அது தவணையில் வாங்கிய கருவிகளில் கடன் கொடுத்தவர் வைக்கும் நிர்வாகம். அந்த வரியைத் தொட்டால் நிர்வாகி என்னென்ன செய்யலாம் என்று கொஞ்சம் விவரமும் வரும்.

கோச்சிங் சென்டர்கள் டேப்லெட்டை முதன்முதலில் ஆன் செய்யும்போதே, க்யூஆர் கோடு காட்டித் தங்கள் நிர்வாக ஆப்பை அதன் உரிமையாளராக அமர்த்திவிடுகின்றன. டிவைஸ் ஓனர் என்பார்கள். ஸ்கிரீன்ஷாட்டை மொத்தமாக மூடும் அதிகாரம் ஆண்ட்ராய்டு 5 காலத்திலிருந்தே அந்த ஆப்புக்கு உண்டு. உங்கள் செட்டிங்ஸில் அதற்கு எதிர் சுவிட்ச் இருக்காது. நிர்வாக ஆப்பை அன்இன்ஸ்டால் செய்யவும் விடாது. ஃபேக்டரி ரீசெட் செய்தால் போய்விடும் என்று யாராவது சொன்னால் அவசரப்பட வேண்டாம். தயாரிப்பாளர் வழியாகப் பதிவு செய்யப்பட்ட டேப்லெட் ரீசெட்டுக்குப் பிறகு இணையம் கிடைத்ததும் அதே நிர்வாகத்துக்குள் திரும்பப் போகும். பிள்ளை இறக்கிவைத்த பாடங்கள் போனதுதான் மிச்சம்.

கொடுத்தவர்களிடம் எழுத்தில் மூன்று விஷயம் கேளுங்கள். ஸ்கிரீன்ஷாட் தடை முழு டேப்லெட்டுக்கா, பாட ஆப்புக்கு மட்டும் மாற்ற முடியுமா? நிர்வாக ஆப் எங்கள் வீட்டில் இருக்கும்போது எதையெல்லாம் பார்க்கிறது, இடத்தையும் பார்க்கிறதா? படிப்பு முடிந்ததும் டேப்லெட்டை நிர்வாகத்திலிருந்து விடுவிப்பார்களா? மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். பணம் கொடுத்து வாங்கிய பொருள், விடுவிக்காமல் விட்டால் பிறகு தம்பிக்கோ தங்கைக்கோ கொடுக்கக்கூட உதவாது.

கீழே அப்படி எந்த வரியும் இல்லை. ஆனாலும் ஹோம் ஸ்கிரீனில் எடுக்க முடியவில்லை.

அப்படியானால் பிளே ஸ்டோரிலிருந்தோ வெளியிலிருந்தோ போட்ட ஏதாவது ஓர் ஆப்பைச் சந்தேகப்படுங்கள். கண் பாதுகாப்புக்காகத் திரையை மங்கலாக்கும் ஆப், ஆப்களைப் பூட்டும் ஆப், வேறு நிறுவனத்தின் பெற்றோர் கட்டுப்பாட்டு ஆப் ஆகியவை மற்ற எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கண்ணாடித் திரையைப் பரப்பிவைக்கும். அந்தக் கண்ணாடிக்கும் `FLAG_SECURE` அடையாளம் போடப்பட்டிருந்தால், அடியில் எது இருந்தாலும் படம் விழாமல் போகலாம்.

சேஃப் மோடில் பார்த்தால் தெரிந்துவிடும். பவர் மெனுவைக் கொண்டுவந்து, "Power off" என்பதை விரலை எடுக்காமல் அழுத்திப் பிடித்தால் சேஃப் மோடுக்குப் போகட்டுமா என்று கேட்கும். அந்த நிலையில் நாம் போட்ட ஆப்கள் ஓடாது, டேப்லெட்டோடு வந்தவை மட்டும் ஓடும். அங்கே ஸ்கிரீன்ஷாட் விழுந்தால் குற்றவாளி நாம் போட்ட ஆப்களில் ஒன்றுதான். மறுபடி சாதாரணமாக ஆன் செய்து, செட்டிங்ஸில் "Display over other apps" என்று தேடுங்கள். அங்கே அனுமதி பெற்றிருக்கும் ஆப்களை ஒவ்வொன்றாக நிறுத்தி, ஒவ்வொரு தடவையும் ஹோம் ஸ்கிரீனில் எடுத்துப் பாருங்கள். நிர்வகிக்கப்படும் டேப்லெட்டில் சேஃப் மோடையே மூடிவைத்திருப்பதும் உண்டு. அப்போது இந்த வழி நடக்காது.

கம்ப்யூட்டரில் இணைத்து உறுதியாகத் தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும். கொஞ்சம் பழக்கம் உள்ளவர்களுக்கு இது நல்ல வழி. டேப்லெட்டில் யூஎஸ்பி டீபக்கிங் ஆன் ஆக வேண்டும், அதற்கு டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறந்திருக்க வேண்டும். குழந்தை கணக்கில் அது மூடியே இருக்கும். இந்த சுவிட்ச் மட்டும் ஃபேமிலி லிங்க்கில் உண்மையிலேயே உங்கள் கையில் இருக்கிறது. ஆப்பில் குழந்தையைத் தேர்ந்தெடுத்து, கட்டுப்பாடுகளில் சாதனங்களுக்குப் போய், அந்த டேப்லெட்டைத் தொட்டால் டெவலப்பர் ஆப்ஷன்ஸை அனுமதிக்கும் இடம் வரும். மெனுவின் பெயரும் இடமும் பதிப்புக்குப் பதிப்பு கொஞ்சம் மாறும்.

இணைத்த பிறகு, adb கருவி போட்டிருக்கும் கம்ப்யூட்டரில் இந்தக் கட்டளையைக் கொடுங்கள்:

```
adb shell "dumpsys device_policy | grep -i screencapture"
```

விடையில் `disableScreenCapture=true` என்று இருந்தால் நிர்வாகக் கொள்கைதான் தடுக்கிறது. எல்லா வரியிலும் `false` என்றால் பெரும்பாலும் கொள்கை இல்லை, ஆப் பக்கம் தேடுங்கள். வேலை முடிந்ததும் டீபக்கிங்கை அணைத்து, ஃபேமிலி லிங்க்கில் அந்த அனுமதியையும் எடுத்துவிடுங்கள். அது திறந்து கிடந்தால், கம்ப்யூட்டர் தெரிந்த பதிமூன்று வயதுப் பிள்ளைக்கு நீங்கள் போட்ட பூட்டு எதுவும் பெரிய பூட்டாக இருக்காது.

தடை என்று எதுவும் வரவில்லை, "Couldn't save screenshot" என்று மட்டும் வருகிறது.

இது தடை இல்லை. பெரும்பாலும் இடம் நிறைந்திருக்கும். குழந்தைகளின் டேப்லெட்டில் விளையாட்டுகளும் இறக்கிவைத்த வீடியோக்களும் இடத்தை எல்லாம் அடைத்துக்கொள்ளும். கொஞ்சம் அழித்துவிட்டு, ஒரு தடவை அணைத்து ஆன் செய்து பாருங்கள்.

பட்டனை அழுத்தினாலும் ஒன்றுமே நடக்கவில்லை என்றால் தடித்த ரப்பர் உறையைக் கழற்றிப் பாருங்கள். உறைக்குள் ஒலி பட்டன் சரியாக அமுங்காமல் இருப்பது அடிக்கடி பார்க்கிற விஷயம்.

நான் போட்டிருக்கும் கண்காணிப்பு ஆப், குழந்தையின் திரையை அவ்வப்போது படமெடுத்து எனக்கு அனுப்பும். சில நேரம் வெறும் கறுப்புப் படம் வருகிறது. பிள்ளை ஏதோ செய்து மறைக்கிறானா?

அவசரப்பட்டுப் பிள்ளையைக் கேட்டுவிடாதீர்கள். அந்த நேரத்தில் திறந்திருந்த ஆப் `FLAG_SECURE` போட்டிருந்தால் கண்காணிப்பு ஆப்புக்கும் கறுப்புதான் கிடைக்கும். பட்டன் அழுத்தி எடுத்தால் சிஸ்டம் மறுத்துச் செய்தி காட்டும். இன்னோர் ஆப் திரையைப் பதிவு செய்யும்போது மறுக்காமல் அந்த இடத்தைக் கறுப்பாக்கிக் கொடுக்கும். காசு கட்டிப் பார்க்கும் படங்களின் ஆப்பில் வீடியோ இருக்கும் பெட்டி மட்டும் கறுப்பாகி, சுற்றியுள்ள பட்டன்கள் தெரிவதும் இதே வகைதான்.

கறுப்புப் படம் வந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, ஃபேமிலி லிங்க்கில் அன்றைய ஆப் பயன்பாட்டைப் பாருங்கள். எந்த ஆப்பில் எவ்வளவு நேரம் இருந்தான் என்று அதில் வரும். அது டியூஷன் ஆப் என்றால் விஷயம் முடிந்தது. பெயர் தெரியாத ஆப், அல்லது நீங்கள் அனுமதிக்காத அரட்டை ஆப் என்றால் அதைப் பற்றிப் பிள்ளையிடம் பேசலாம். பேசும்போது கறுப்புப் படத்தை ஆதாரமாகக் காட்ட வேண்டாம், அது எதையும் நிரூபிக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குழந்தைக்குத் தெரியாமல் திரையைப் படமெடுப்பது எனக்கு உடன்பாடு இல்லை. எடுக்கிறீர்கள் என்றால் சொல்லிவிட்டு எடுங்கள். அவன் திரையில் அவனுடைய நண்பர்கள் எழுதுவதும் இருக்கிறது. அந்தப் படங்களெல்லாம் கண்காணிப்பு ஆப் நடத்தும் நிறுவனத்தின் சர்வரில் போய் உட்காருகின்றன. எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள், நீங்கள் அழித்தால் அங்கேயும் அழிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காசு கட்ட வேண்டும்.

தடையை எடுத்துவிடும் ஆப் இருக்கிறது என்று யூடியூபில் காட்டுகிறார்கள். போடலாமா?

வேண்டாம். ஆப் போட்ட பூட்டை உண்மையிலேயே எடுக்க டேப்லெட்டை ரூட் செய்து சிஸ்டத்துக்குள் கைவைக்க வேண்டும். செய்தால் பணம் அனுப்பும் ஆப்கள் அந்த டேப்லெட்டில் ஓட மறுக்கலாம், பெற்றோர் கட்டுப்பாட்டையும் அதே வழியில் கழற்றிவிடலாம். ரூட் இல்லாமலே எடுத்துத் தருகிறேன் என்று வெளியிலிருந்து ஏபிகே கொடுப்பவை, திரையில் ஓடுவதைப் படிக்கும் அனுமதி, ஆக்சசிபிலிட்டி அனுமதி எல்லாம் கேட்கும். அதைக் கொடுத்தால் பாஸ்வேர்டு உட்பட எல்லாமே அதன் கண்ணில் படும்.

பிள்ளை இப்படி ஒன்றைப் போட்டிருக்கிறானா என்று தெரிய, ஃபேமிலி லிங்க்கில் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் இருக்கும் அதே பக்கத்தில் வெளியிலிருந்து ஆப் போடும் அனுமதி மூடியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு டேப்லெட்டின் செட்டிங்ஸில் ஆக்சசிபிலிட்டிக்குப் போய், இறக்கிய ஆப்கள் என்ற பகுதியில் என்ன ஆன் ஆகியிருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான குழந்தைகளின் டேப்லெட்டில் அங்கே உங்கள் கட்டுப்பாட்டு ஆப்பைத் தவிர எதுவும் இருக்கக் கூடாது.

மகளுக்கு யாரோ அசிங்கமாகச் செய்தி அனுப்புகிறார்கள். ஆதாரத்துக்கு எடுக்கப் போனால் ஸ்கிரீன்ஷாட் விழவில்லை. என்ன செய்வது?

முதலில் எதையும் அழிக்க வேண்டாம், அந்த எண்ணை உடனே பிளாக் செய்யவும் வேண்டாம். இன்னொரு போனை எடுத்து டேப்லெட்டின் திரையை அப்படியே படமெடுங்கள். அனுப்பியவரின் பெயர், எண் அல்லது ஐடி, தேதி, நேரம் ஆகியவை ஒரே படத்தில் தெரியட்டும். சுயவிவரப் பக்கத்தைத் தனியாக எடுங்கள். செய்தி நீளமாக இருந்தால், உருட்டிக்கொண்டே போவதை நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுப்பது நல்லது. சாதாரண வாட்ஸ்அப் அரட்டை என்றால் "Export chat" வழியாக முழு உரையாடலையும் உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பலாம். ஸ்னாப்சாட்டில் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் எதிரில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும், அதனால் அங்கேயும் வேறு போனில் எடுப்பதே மேல். டேப்லெட்டை ரீசெட் செய்யாமல் வைத்திருங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் கேட்கிறது. மூலக் கருவி கையில் இருந்தால் விசாரணைக்கு வசதி.

ஒரே ஒரு வகையில் மட்டும் இதற்கு நேர் எதிராக நடக்க வேண்டும். வந்தது குழந்தையின் ஆபாசப் படமாக இருந்தால், அது உங்கள் மகளுடையதாகவே இருந்தாலும், படமெடுக்கவோ நகல் எடுக்கவோ உறவினருக்கு அனுப்பவோ கூடாது. அத்தகைய படங்களை வைத்திருப்பதைப் பற்றி போக்சோ சட்டத்தின் 15ஆம் பிரிவு பேசுகிறது. சென்னையிலிருந்து போன ஒரு வழக்கில் 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், யாருக்கும் அனுப்பாமல் வைத்திருந்தாலே அது குற்றமாகலாம் என்று தெளிவாக்கியது. டேப்லெட்டை அப்படியே வைத்துவிட்டு cybercrime.gov.in தளத்தில் பெண்கள், குழந்தைகளுக்கு எதிரான குற்றம் என்ற பிரிவில் புகார் கொடுங்கள், அல்லது நேரே காவல் நிலையத்துக்குப் போங்கள். 1098 குழந்தைகள் உதவி எண். பணம் கேட்டு மிரட்டி, அனுப்பியும் விட்டிருந்தால் 1930க்கும் உடனே கூப்பிடுங்கள்.

மகளிடம் "ஏன் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைக்கவில்லை" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அவள் எடுக்க முயன்று, விழாமல் போயிருக்கலாம்.

பிள்ளை எடுத்த ஸ்கிரீன்ஷாட்டுகளை என் போனிலிருந்தே பார்க்க முடியுமா?

ஃபேமிலி லிங்க்கில் முடியாது, படங்கள் எதையும் அது காட்டாது. டேப்லெட்டைக் கையில் வாங்கித்தான் பார்க்க வேண்டும். பெரும்பாலான டேப்லெட்டில் Pictures என்ற ஃபோல்டருக்குள் Screenshots இருக்கும், சாம்சங்கில் DCIM ஃபோல்டருக்குள் இருக்கும். கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன் செய்திருந்தாலும் கேமரா படங்கள்தான் தானாகப் போகும். ஸ்கிரீன்ஷாட் ஃபோல்டரைத் தனியாக ஆன் செய்தால்தான் அதுவும் மேலே ஏறும். அதனால் "போட்டோஸில் பார்த்தேன், ஒன்றும் இல்லை" என்பது முடிவான விடை ஆகாது. குப்பைத்தொட்டியையும் பாருங்கள், அழித்தவை கொஞ்ச நாள் அங்கே கிடக்கும். குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பாருங்கள். பாதிக்கு மேல் விளையாட்டில் எடுத்த மதிப்பெண்ணாகத்தான் இருக்கும்.

ஸ்கிரீன்ஷாட் எடுக்கவே கூடாது என்று நானே தடுக்க முடியுமா?

வீட்டு ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் அதற்கு எளிய வழி இல்லை. நிறுவனங்கள் பயன்படுத்தும் நிர்வாக ஆப்பை வீட்டில் அமர்த்த வேண்டுமென்றால் டேப்லெட்டை ரீசெட் செய்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவ்வளவு செய்தாலும் இன்னொரு போன் இருந்தால் திரையைப் படமெடுத்துவிடலாம். சின்னக் குழந்தை தெரியாமல் கையைத் தேய்த்து நூற்றுக்கணக்கில் எடுத்துத் தள்ளுகிறது என்றால், சாம்சங்கில் "Palm swipe to capture" என்பதை அணைத்துவிடுங்கள், அதுவே போதும்.

எங்களிடம் இருப்பது ஐபேட். அதில்?

ஸ்கிரீன் டைமிலும் ஸ்கிரீன்ஷாட்டுக்கு சுவிட்ச் இல்லை. திரையைப் பதிவு செய்வதற்கு மட்டும் இருக்கிறது. "Content & Privacy Restrictions" உள்ளே, கேம் சென்டர் கட்டுப்பாடுகளோடு சேர்ந்து "Screen Recording" என்ற பெயரில் இருக்கும். யாரும் அங்கே தேட மாட்டார்கள், ஆனால் இடம் அதுதான். அதை மூடிவைப்பது நல்லது. திரைப்பதிவை ஓடவிட்டு, அம்மாவையோ அப்பாவையோ நேரம் கூட்டித் தரச் சொல்லி, அவர்கள் போடும் நான்கு இலக்க எண்ணைப் பிறகு ஓட்டிப் பார்த்த பிள்ளைகள் இருக்கிறார்கள். ஐபேடில் அந்த எண்ணைப் போடும் முன் மேலே சிவப்பாகப் பதிவு அடையாளம் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்கிரீன்ஷாட்டே விழவில்லை என்றால் இரண்டு இடம் பாருங்கள். "General" உள்ளே "VPN & Device Management" என்பதில் பள்ளியின் நிர்வாக புரொஃபைல் இருந்தால், அவர்கள் `allowScreenShot` என்ற அனுமதியை எடுத்திருக்கலாம், அதைப் பள்ளிதான் மாற்ற வேண்டும். அங்கே ஒன்றும் இல்லையென்றால் கைடட் ஆக்சஸ் ஓடுகிறதா என்று பாருங்கள். குழந்தையை ஒரே ஆப்பில் நிறுத்திவைக்க நீங்களே ஆன் செய்திருப்பீர்கள். அது ஓடும்போது மேல் பட்டன் வேலை செய்யாது, அதனால் ஸ்கிரீன்ஷாட்டும் வராது. மேல் பட்டனை மூன்று தடவை அழுத்தி, ஹோம் பட்டன் உள்ள பழைய ஐபேட் என்றால் ஹோம் பட்டனை மூன்று தடவை அழுத்தி, உங்கள் எண்ணைப் போட்டு வெளியே வந்தால் எடுக்கலாம்.